ஒரு பத்திரம், மூன்று பெயர்ப்புகள்

கரூரில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்தும் விசைத்தறிக் கூடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசை விரிப்பும் சமையலறைத் துணியும் நெய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். பல வருடங்களாகத் துணி வாங்கிவரும் நெதர்லாந்து நிறுவனம், இப்போது தொழிலில் பங்கு சேர விரும்புகிறது. அதன் வழக்கறிஞர்கள் கூடம் நிற்கும் இடத்தின் கிரயப் பத்திரத்தையும் கூட்டாண்மைப் பத்திரத்தையும் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். இரண்டுமே தமிழில் எழுதப்பட்டவை. அடுத்த மாதம் நேரில் வந்து பேசவும் போகிறார்கள்.

தம்பி ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்துக்குப் போன் செய்கிறார். "பத்திரத்தை இங்கிலீஷ்ல மாத்தணும், அவங்க வரும்போது பேசவும் ஒரு ஆள் வேணும். மொத்தமா எவ்வளவு ஆகும்?"

ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். ஆனால் அவர் கேட்டதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. எழுதியதன் பொருளை இன்னொரு மொழியில் எழுதுவது மொழிபெயர்ப்பு. ஒருவர் பேசப்பேச இன்னொரு மொழியில் பேசிக்காட்டுவது உரைபெயர்ப்பு. இலங்கையில் இந்தச் சொல் புழக்கத்தில் உண்டு. தமிழ்நாட்டில் இதைச் செய்பவரையும் மொழிபெயர்ப்பாளர் என்றே அழைப்பதால்தான் குழப்பம் அதிகம். துபாஷி என்று ஒரு பழைய சொல் நம்மிடம் இருந்தது. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோடு அந்தச் சொல்லையும் வரலாற்றுக்குள் விட்டுவிட்டோம். மூன்றாவது ஒலிபெயர்ப்பு. பொருளைத் தொடாமல், சொல்லின் ஓசையை மட்டும் வேறு எழுத்தில் எழுதுவது. ஆட்களின் பெயர், ஊர்ப்பெயர், நிறுவனப் பெயர் எல்லாம் இந்த வழியாகத்தான் ஆங்கிலத்துக்குள் போகின்றன.

மூன்றிலும் எளிதாகத் தோன்றுவது ஒலிபெயர்ப்பு. நடைமுறையில் அதிகமான காகிதங்கள் திரும்பி வருவதற்கு இடம் கொடுப்பதும் அதுதான். தமிழில் ஒரு 'க' பல ஓசைகளைச் சுமக்கிறது. ச, த, ப ஆகியவையும் அப்படியே. தமிழ் படிப்பவருக்கு இடம் பார்த்து ஓசை புரிந்துவிடும். ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். செந்தில் என்ற பெயரை Senthil என்றும் Sendhil என்றும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தவறில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒன்றும் பத்திரத்தின் ஆங்கிலப் பிரதியில் இன்னொன்றும் இருந்தால், அயல்நாட்டு வழக்கறிஞருக்கு அவர்கள் இரண்டு பேர்.

முன்னெழுத்து இதைவிடச் சிக்கலானது. கூட்டாண்மைப் பத்திரத்தில் 'க. தண்டபாணி' என்று மட்டும் இருக்கிறது. அந்த 'க' கந்தசாமியா, கணேசனா? முன்னவர் என்றால் K, பின்னவர் என்றால் G. 'ப' என்றால் பழனிக்கு P, பாலனுக்கு B. எவ்வளவு தேர்ந்த மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும் பத்திரத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கேட்காமலே ஒரு எழுத்தைப் போட்டு அனுப்பியிருந்தால், அவர் ஊகித்துவிட்டார் என்றே பொருள். ஆகவே வேலையை ஒப்படைக்கும் நாளிலேயே பத்திரத்தில் வரும் எல்லாப் பெயர்களுக்கும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: தமிழில் உள்ளபடி ஒரு பக்கம், பாஸ்போர்ட்டிலோ பான் அட்டையிலோ ஜி.எஸ்.டி. சான்றிதழிலோ உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் மறுபக்கம். ஓசைக்கு எது நெருக்கம் என்ற கேள்வியே இங்கு வேண்டாம். ஏற்கெனவே பதிவில் இருப்பதுதான் சரி.

ஓசைக்கு நெருங்கப் போனால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூனில் தமிழ்நாடே பார்த்தது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. Coimbatore என்பது Koyampuththoor ஆனது. Vellore என்பது Veeloor ஆனது. அதைப் படித்தவர்களுக்கு வேலூர் வீலூராகத் தெரிந்தது. விமர்சனம் எழுந்து சில நாட்களிலேயே அரசாணை திரும்பப் பெறப்பட்டது. நல்ல நோக்கத்தோடு செய்த காரியம்தான். ஆனாலும் ஆங்கில எழுத்தில் குறில் நெடில் காட்டுவது எத்தனை கடினம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். கரூர்க்காரர்களின் கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: "கந்தசாமி பூமிக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்குக் கிழக்கு, பழனியம்மாள் தோட்டத்துக்கு மேற்கு." பத்திரம் எழுதிப் பழகியவருக்கு இதில் சந்தேகமே வராது. கந்தசாமி பூமிக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது. அதாவது கந்தசாமி பூமி நமக்குத் தெற்கு எல்லை. பழக்கமில்லாதவர் அவசரத்தில் 'வடக்கு எல்லை: கந்தசாமி பூமி' என்று ஆங்கிலத்தில் பட்டியல் போட்டுவிடுவார். பிறகு நான்கு எல்லைகளும் தலைகீழ். ஓடை கிழக்கே போய்விடும், வண்டிப்பாதை தெற்கே வந்துவிடும். ஆங்கிலப் பிரதியை மட்டும் படிப்பவருக்கு எந்தப் பிழையும் தெரியாது, ஏனென்றால் அது அவ்வளவு ஒழுங்காக இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி, நில அளவைத் துறையின் புலப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு திசையாகச் சரிபார்ப்பது. இதைச் செய்யக்கூடியவர் நிலத்தை அறிந்த உரிமையாளர்தான். பணம் கொடுத்தாயிற்று என்று இருந்துவிடக் கூடாது.

இன்னொரு சொல் போக்கியம். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, சொத்தை அனுபவித்து, தவணை முடிந்ததும் கொடுத்த தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. பேச்சுவழக்கில் இதை 'லீஸ்' என்கிறோம். பழைய பத்திரத்தில் கூடத்தின் ஒரு பகுதி போக்கியத்தில் இருந்ததாகக் குறிப்பு இருந்து, மொழிபெயர்ப்பாளரும் lease என்று எழுதிவிட்டால், நெதர்லாந்து வழக்கறிஞர் மாத வாடகை எவ்வளவு என்று தேடுவார். உண்மையில் அங்கே இருப்பது திருப்பித் தர வேண்டிய கடன். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இத்தகைய அனுபவ ஈட்டை அடமான வகைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. விவரம் தெரிந்தவர் bogiyam என்று ஒலிபெயர்த்து, அதன் பொருளை அடைப்புக்குள் ஒரு வரியில் விளக்குவார். பட்டா, சிட்டா, நத்தம் எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. ஒரே பத்திரத்துக்குள் எதை மொழிபெயர்ப்பது, எதை ஒலிபெயர்ப்பது என்று முடிவு செய்வதிலேயே ஆளின் அனுபவம் தெரிந்துவிடும். மாதிரிப் பக்கம் கேட்கும்போது கடிதத்தையோ விளம்பரத்தையோ கேட்காமல், செக்குபந்தி உள்ள பக்கத்தைக் கேட்டால் போதும்.

கூலியைப் பேசும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்து வேலைக்குச் சொல் கணக்கிலோ பக்கக் கணக்கிலோ வாங்குவார்கள். தமிழில் 'செய்யப்படமாட்டாது' என்பது ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே நான்கு சொல்லாகிவிடும். எனவே சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்றால், தமிழ் மூலத்தின் சொல்லையா, ஆங்கிலப் பிரதியின் சொல்லையா எண்ணுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தொகையில் கணிசமான வித்தியாசம் வரும்.

விருந்தினர் வரும் நாளுக்கான உரைபெயர்ப்பு முற்றிலும் வேறு தொழில். அதற்கு மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ சம்பளம். மொழிபெயர்ப்புச் சேவைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17100, மொழிபெயர்த்ததை இரண்டாவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்கிறது. அதே தரம், உரைபெயர்ப்பு தன் எல்லைக்குள் வராது என்றும் சொல்லிவிடுகிறது. காரணம் எளிது. பேசிய சொல்லைத் திருத்த இரண்டாவது ஆளுக்கு அங்கே நேரமில்லை.

கூடத்தைச் சுற்றிப் பார்த்து, மேசையில் உட்கார்ந்து விலை பேசுவதற்குத் தொடர் உரைபெயர்ப்பு போதும். ஒருவர் சில வாக்கியம் பேசி நிறுத்துவார். உரைபெயர்ப்பாளர் குறிப்பெடுத்து மறுமொழியில் சொல்வார். கிட்டத்தட்ட இரட்டிப்பு நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரண்டு மணி ஒதுக்க வேண்டும். பேசும்போதே கூடவே சொல்லிவருவது உடனடி உரைபெயர்ப்பு. 1945-இல் தொடங்கிய நியூரம்பர்க் விசாரணை நான்கு மொழிகளில் இப்படித்தான் நடந்தது. அங்கே பேசுபவர் வேகமெடுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். உரைபெயர்ப்பு தடைபட்டால் சிவப்பு விளக்கு. இந்த வகைக்கு மூளை சீக்கிரம் களைத்துவிடும். இன்றும் இரண்டு பேர் சேர்ந்து அமர்ந்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள். நாள் முழுவதும் ஒரே ஆள் தனியாகச் செய்வதாகச் சொன்னால் அவரை அமர்த்தத் தயங்க வேண்டும்.

எந்த வகையானாலும், பேச இருக்கும் விஷயத்தையும் தறிக் கூடத்தில் வழங்கும் சொற்களையும் முன்கூட்டியே அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பாவு, ஊடை, பீஸ் நீளம், கழிவு என்பதெல்லாம் தொழிலுக்கு வெளியே உள்ளவருக்குப் புதுச் சொற்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஆபத்தான தருணம் வரும். பேச்சு சுமுகமாக முடிந்ததும் ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். அண்ணன் உரைபெயர்ப்பாளரைப் பார்த்து, "கொஞ்சம் படிச்சுச் சொல்லிடுங்க தம்பி, கையெழுத்துப் போட்டுடறேன்" என்பார். படித்துச் சொல்வதைக் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். கையெழுத்துக்கு அது போதாது. சொன்னதற்குப் பதிவு இல்லை, திருத்தியவர் இல்லை, எந்த உட்பிரிவு தாவிப்போனது என்று பின்னால் காட்டவும் முடியாது. எழுத்து மொழிபெயர்ப்பு கைக்கு வரும்வரை பேனாவை மூடி வைப்பதுதான் சரி.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 1952-ஆம் ஆண்டின் நோட்டரி சட்டம், ஆவணத்தை மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. அபோஸ்டில் முத்திரையோ ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதை மட்டுமே சொல்கிறது. எல்லை தலைகீழான பத்திரத்திலும் அந்த முத்திரை விழும். எந்தச் சான்று தேவை என்பதை ஆவணத்தைப் பெறப்போகிறவரிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, புதிய ஒப்பந்தம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கப்போகிறது என்றால், முரண்பட்டால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்று ஒரு உட்பிரிவு வேண்டும். கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் என்ற இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இடையே கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றிய ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி தகராறானது. அந்தக் காற்புள்ளியால், முதல் ஐந்து ஆண்டு முடியும் முன்பே ஓராண்டு அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2006-இல் சொன்னது. ரோஜர்ஸ் அதே ஒப்பந்த வடிவத்தின் பிரெஞ்சுப் பிரதியைக் கொண்டுபோனது. அதில் இரண்டு பொருளுக்கு இடமே இல்லை. 2007-இல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. முதல் ஐந்து ஆண்டுக்குள் முறிக்க முடியாது என்றது.