ஒரு அதிரசப் படம், மூன்று எழுத்து வேலைகள்

பின்டரெஸ்டில் போட்ட படம் மற்ற சமூக வலைத்தளங்களில் போட்டதைப் போல மறுநாளே அடியில் போய்விடுவதில்லை. அங்கே வருகிறவர்கள் நண்பர்களின் செய்தி பார்க்க வருவதில்லை, எதையாவது சமைக்கவோ தைக்கவோ யோசனை தேடி வருகிறார்கள். தேடிய சொல்லுக்குப் பொருந்தினால் சென்ற ஆண்டு போட்ட படமும் இன்று மேலே வரும். அதனால்தான் சமையல், கைவினை வலைப்பூ நடத்துகிறவர்கள் படத்துக்கு எவ்வளவு மெனக்கெடுகிறார்களோ, அதோடு போகும் எழுத்துக்கும் அவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது.

ஒரு படத்துடன் மூன்று வகை எழுத்துகள் போகின்றன: படத்தின் மேலேயே பொறித்த வரி, பின்னுக்குத் தரும் தலைப்பும் விளக்கமும், கண் தெரியாதவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும் மாற்று உரை. மூன்றுக்கும் வேலை வேறு. தீபாவளி அதிரசத்தை வைத்துப் பார்ப்போம்.

படம் நெட்டையாக, 1000-க்கு 1500 பிக்சல் என்ற அளவில் இருக்கட்டும். அகலம் இரண்டு பங்கு, உயரம் மூன்று பங்கு. அதைவிட நீட்டினால் பட்டியலில் அடிப்பகுதி வெட்டுப்படலாம். கைபேசியில் படங்கள் இரண்டு வரிசையாக வருவதால் உங்கள் படத்துக்குக் கிடைப்பது பாதித் திரை அகலம்தான். அதில் படிக்க முடிவது ஐந்தாறு சொற்கள். ‘பாரம்பரிய தீபாவளி ஸ்பெஷல் சுவையான அதிரசம்’ என்று எழுதுகிறவர்கள் அந்த இடத்தை வீணாக்குகிறார்கள். அதிரசம் சுவையானது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் செய்கிறவருக்குள்ள பயம், எண்ணெயில் போட்டதும் மாவு உதிர்ந்து போகுமே என்பது. ‘எண்ணெயில் உதிராத அதிரசம்’ என்ற மூன்று சொற்கள் அந்தப் பயத்தை நேரே தொடுகின்றன.

அடுத்தது தலைப்பும் விளக்கமும். எழுதுமுன் பின்டரெஸ்டின் தேடல் பெட்டியில் adhirasam என்று தட்டிப் பாருங்கள், பிறகு athirasam, பிறகு தமிழிலேயே. பெட்டிக்குக் கீழே விரிகிற சொற்கள்தான் மற்றவர்கள் தேடுகிறவை. அவற்றில் உங்கள் குறிப்புக்கு உண்மையிலேயே பொருந்துவதை மட்டும் எடுத்து, இயல்பான வாக்கியமாக்குங்கள்:

‘பச்சரிசியும் வெல்லமும் சேர்த்த அதிரசம் (adhirasam). பாகை எந்தப் பதத்தில் இறக்குவது, மாவை எவ்வளவு நேரம் ஊறவிடுவது, உதிர்ந்தால் எப்படிச் சரிசெய்வது என்று படங்களுடன்.’

இதில் பாகின் பதம் என்ன என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பதில் பக்கத்தில் இருக்கிறது. விளக்கம் கேள்வியை மட்டும் கூர்மையாக்குகிறது. ஆனால், சொன்ன மூன்றும் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வந்தவர் வந்த வேகத்தில் திரும்பிவிடுவார்.

மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வலைப்பூவில் வாசகர் படத்தைச் சேமிக்கும்போது, தனியாக விளக்கம் எதுவும் இல்லாவிட்டால் மாற்று உரையே விளக்கமாகப் போய்விடுவதுண்டு. இதைத் தெரிந்துகொண்டு மாற்று உரையில் தேடல் சொற்களை அடைக்கும் பழக்கம் வந்தது. பார்வையற்ற வாசகருக்கு அது பெரிய தொல்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விளம்பரம் வாசிக்கப்படுகிறது. இரண்டையும் பிரித்து வைக்க வழி இருக்கிறது:

```
<img src="adhirasam.jpg"
 alt="வாழையிலையில் அடுக்கிய அதிரசங்கள், ஒன்று பாதியாகப் பிட்டது"
 data-pin-description="எண்ணெயில் உதிராத அதிரசம்: பாகுப் பதம் படங்களுடன்">
```

`alt` படத்தைச் சொல்கிறது, `data-pin-description` பின்னுக்குப் போகிறது.

எப்போது போடுவது? பண்டிகைக்கு முந்தின வாரம் போட்டால் தாமதம். தேடுகிறவர்கள் முன்கூட்டியே சேமித்து வைக்கிறார்கள். படம் எதைப் பற்றியது என்று தளத்துக்குப் பிடிபடவும் காலம் வேண்டும். தீபாவளிக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே, ‘தீபாவளிப் பலகாரங்கள்’ என்பதுபோலப் பொருளை நேராகச் சொல்லும் பலகையில் போடுவது நல்லது. ‘என் அடுக்களைக் கனவுகள்’ என்ற பலகைப் பெயர் அழகுதான், ஆனால் அதை யாரும் தேடுவதில்லை.

சில வாரம் கழித்துக் கணக்குப் பக்கத்தைப் பாருங்கள். படம் திரையில் தோன்றிய எண்ணிக்கையே குறைவென்றால் தலைப்பும் விளக்கமும் தேடும் சொல்லோடு பொருந்தவில்லை. தோன்றியும் யாரும் தொடவில்லை என்றால் படமோ பொறித்த வரியோ சரியில்லை. நிறையப் பேர் சேமித்து, ‘Outbound clicks’ மட்டும் மிகக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் செய்முறை முழுவதையும் படத்திலேயே எழுதிவிட்டிருப்பீர்கள். பண்டிகைப் பலகாரம் மட்டும் இதற்கு விலக்கு: ஆகஸ்டில் சேமித்தவர் அக்டோபரில்தான் பக்கத்துக்கு வருவார், அதுவரை அந்தப் பின்னை அழிக்காதீர்கள். அதே பக்கத்துக்கு வேறு படமும் வேறு வரியும் வைத்து இன்னொரு பின் போட்டு, எது ஆட்களைக் கூட்டி வருகிறது என்று ஒப்பிடலாம். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது பொறித்த வரியை.