மார்க்கெட் இரைச்சல் எவ்வளவு இருக்கணும்?

இந்த எபிசோட் காட்சி மெல்பேர்ன் குயின் விக்டோரியா மார்க்கெட்டில் நடக்குது. முதல் மூணு விநாடி இரைச்சலை நல்லாவே கேட்க விடுறேன். இடம் மனசில் பதிஞ்சிடும். பேச்சு தொடங்குறதுக்குள்ள மெதுவா இறக்கி, பேச்சைவிட 20 டெசிபெல் கீழே வைக்கிறேன். WCAG-யின் கடுமையான நிலை கேட்கிற அளவும் அதுதான். ஒண்ணு ரெண்டு விநாடிச் சத்தங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால பழக்கடைக்காரர் கூவலைத் தனி டிராக்கில் வச்சு, ரெண்டு வசனங்களுக்கு நடுவுல போடுறேன்.

பின்னணியில் வார்த்தை புரியவே கூடாது. புரிஞ்சா காது அங்கே போயிடும். வீட்டில் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்த நமக்கு, தவறவிட்ட சொல்லை ஊகிக்கிறது இன்னும் கஷ்டம். அந்தத் துண்டை வெட்டிட்டு வெறும் முணுமுணுப்பை வைக்கிறேன்.

கடைசியா, ஸ்கிரிப்ட் தெரியாத ஒருத்தரை போன் ஸ்பீக்கரில் மெல்லமா கேட்கச் சொல்லுங்க. “என்ன சொன்னாங்க?”ன்னு கேட்டா, பின்னணியை இன்னும் 3 டெசிபெல் இறக்குங்க.