கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் முதல் நாளே வட்டி... ஏன்?

சம்பளம் வர இன்னும் சில நாள். கையில் காசு இல்லை. ஏ.டி.எம்-மில் கிரெடிட் கார்டைப் போட்டால் பணம் வந்துவிடும். ‘பில் கட்டத்தான் 45 நாள் டைம் இருக்கே’ என்று நம்பித்தான் பலரும் எடுக்கிறார்கள். ஆனால், அந்த வட்டியில்லாக் காலம் கார்டைத் தேய்த்துப் பொருள் வாங்குவதற்கு மட்டும்தான். பணமாக எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இதற்கு முக்கியக் காரணம், வங்கியின் வருமானம். கடையில் கார்டு மூலம் பணம் செலுத்தும்போது, கடைக்காரர் அதில் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டணமாக விட்டுக்கொடுக்கிறார். அதில் பெரும்பகுதி, கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்த வருமானம் இருப்பதால்தான் நம்மிடம் வட்டி வாங்காமல் சில வாரங்கள் காத்திருக்க முடிகிறது. ஏ.டி.எம்-மில் பணம் எடுக்கும்போது நடுவில் கடைக்காரரே கிடையாது. அதனால் மொத்தச் செலவும் நம் தலையில்தான். ரொக்கம் எடுப்பவர் பண நெருக்கடியில் இருக்கலாம் என்ற பயமும் வங்கிக்கு உண்டு. கார்டின் மொத்த லிமிட்டில் ஒரு பகுதியை மட்டுமே பணமாக எடுக்க விடுவதும் அதனால்தான்.

எவ்வளவு செலவாகும்? ஜூன் 5-ம் தேதி ஒருவர் 20,000 ரூபாய் எடுத்து, ஜூலை 10-ம் தேதி முழுவதையும் கட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். பல வங்கிகளில் கட்டணம் 2.5 சதவீதம், குறைந்தபட்சம் 500 ரூபாய். இவருக்கும் 500 ரூபாய்தான் வரும். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். ஒரு நாளுக்கு 23 ரூபாய். 35 நாளுக்குச் சுமார் 805 ரூபாய். கட்டணம், வட்டி இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. கூட்டிப் பார்த்தால் சுமார் 1,540 ரூபாய். இதே தொகைக்குப் பொருள் வாங்கி, கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டியிருந்தால் வட்டி பூஜ்யம்!

அப்போ வேறு என்ன வழி? பணம் எதற்கு என்று முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி பில், காலேஜ் ஃபீஸ் என்றால் அங்கேயே கார்டு வாங்குவார்களா என்று கேட்கலாம். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ-யில் இணைத்திருந்தால், அதை ஏற்கும் கடைகளில் க்யூ.ஆர். ஸ்கேன் செய்தும் கட்டலாம். அது பர்ச்சேஸ் கணக்கில்தான் வரும். ஆனால், நண்பரின் கணக்குக்கு இப்படி அனுப்ப முடியாது.

ரொக்கமே வேண்டும் என்றால், ஆபீஸில் சம்பள அட்வான்ஸ் கேட்பதுதான் மலிவு. வங்கியில் எஃப்.டி. இருந்தால் அதை உடைக்காமலே ஓவர்டிராஃப்ட் எடுக்கலாம். 9 சதவீத வட்டி என்றால்கூட, அதே 20,000 ரூபாய்க்கு 35 நாள் வட்டி சுமார் 173 ரூபாய்தான். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் உண்டு. மதிப்பீட்டுக் கட்டணத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கார்டில் எடுத்தாச்சா? பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கணக்கு தினசரி என்பதால், மேலே சொன்னவர் ஐந்தாம் நாளே திருப்பிக் கட்டியிருந்தால் மொத்தச் செலவு சுமார் 726 ரூபாயோடு முடிந்திருக்கும். கார்டில் பழைய பாக்கியும் இருந்தால், கட்டும் பணம் எந்தக் கணக்கில் முதலில் கழியும் என்று வங்கியிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.