குழித்தட்டில் முளைத்திருப்பது எந்த மரம்?

தேயிலைத் தோட்டத்திற்கு நிழல் மரம் வேண்டும் என்று சில்வர் ஓக் விதை வாங்கித் தாமே நாற்று வளர்க்கும் உறுப்பினர்கள் நீலகிரியில் பலர் உளர். அவர்களில் சிலர் குழித்தட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து, "இதில் முளைத்திருப்பது யாவும் சில்வர் ஓக் தானா?" என்று கேட்டு அனுப்புகிறார்கள். கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் விடை பிழையானால் விளைவு சிறியதன்று. சில்வர் ஓக் என்று எண்ணிச் சீகை மரத்தைத் தேயிலைக்கு நடுவே நட்டுவிட்டால், அது சில ஆண்டுகளில் காய்த்து ஆயிரக்கணக்கான விதைகளை மண்ணில் கொட்டும். வெள்ளிச் சீகையாக இருப்பின் வேரிலிருந்தும் கிளைத்தெழும். பின்னர் அதனைத் தோட்டத்தினின்று ஒழிப்பது ஒரு தலைமுறையின் வேலையாகிவிடும். ஆகவே நாற்று நான்கு விரற்கடை உயரம் வளர்வதற்குள் அதனை இனங்காண்பது எவ்வாறு என்பதை இங்கே சற்று விரிவாகக் கூற விழைகிறோம்.

முளைத்து வரும் பெரும்பாலான செடிகளில் முதலில் தெரிவது இரண்டு வித்திலைகள். இவை விதைக்குள்ளேயே உருவாகியிருந்தவை. நாற்றுக்கு முதற் சில வாரங்கள் உணவளித்துவிட்டு உதிர்வன. இவற்றின் உருவம் பின்னால் வரும் இலையின் உருவத்தைப் போன்றிராது. அவரை, பூசணி முளைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததே. வித்திலைக்கு மேலே அடுத்தடுத்துத் தோன்றுவனவே மரத்தின் சொந்த இலைகள். ஆனால் அவற்றிலும் முதல் இலை ஒரு விதமாகவும், இரண்டாவது வேறு விதமாகவும், முதிர்ந்த மரத்தின் இலை மற்றொரு விதமாகவும் இருப்பதுண்டு. பெரிய மரத்தின் இலையை மனத்திற்கொண்டு நாற்றைத் தேடுபவர் ஏமாறுவது இதனால்தான். 1892ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் லப்பக் என்பவர் நாற்றுகளின் உருவங்களை மட்டுமே ஆராய்ந்து இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார் என்றால், பொருள் எத்துணைப் பரந்தது என்பது விளங்கும். நமக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. நம் தட்டில் வரக்கூடிய சில மரங்களைப் பிரித்தறிந்தால் போதும்.

அண்மையில் கோத்தகிரிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் அனுப்பிய படத்தை எடுத்துக்கொள்வோம். சில்வர் ஓக் விதைத்து ஆறு வாரம் ஆன தட்டு அது. எல்லா நாற்றுகளும் பச்சைப் பெரணியைப் போலத் தோன்றுகின்றன. ஆனால் சில குழிகளில் உள்ளவை மட்டும் மெலிந்தும் இலை நுணுகியும் இருக்கின்றன. நோயுற்ற நாற்றாக இருக்குமோ என்பது அவருடைய முதல் ஐயம். விதை விற்றவர் கலப்படம் செய்துவிட்டாரோ என்பது இரண்டாவது ஐயம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நாம் முதலில் தேடியது வித்திலைகளை. சில்வர் ஓக் நாற்றின் வித்திலை தடித்தது; அடி குறுகி நுனி அகன்று, முட்டையைத் தலைகீழாக வைத்தாற்போன்ற உருவம் உடையது; நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சிறிது மேலோ இருக்கும். சீகையின் வித்திலை அதனினும் சிறியது; நீள்வட்டமானது; ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது. இரண்டு மரத்திற்கும் வித்திலையின் அடிப்பகுதி சிறு காதுகளைப் போல நீண்டிருக்கும். ஆதலால் அந்தக் காதை மட்டும் பார்த்து முடிவு கூறலாகாது. அளவும் தடிப்புமே நம்பத்தக்கவை. ஆனால் படத்தில் அளவு தெரிவதற்கு ஒப்பிடும் பொருள் ஒன்று வேண்டும். நம் உறுப்பினர் ஒரு தீக்குச்சியையாவது அருகில் வைத்திருந்தால் நமக்கு ஐயமே எழுந்திராது. மேலும் சீகையின் வித்திலைகள் விரைவில் உதிர்பவை. ஆறு வாரத் தட்டில் அவற்றைக் காணாமற்போவது இயல்பே. அந்த மெலிந்த நாற்றுகள் பலவற்றில் வித்திலை இல்லை.

எனவே முதல் இலைக்குச் சென்றோம். தீர்ப்பு கிடைத்தது அங்கேதான். சில்வர் ஓக்கின் முதல் இலை ஆழமாக வெட்டுப்பட்டது; மடல்களின் நுனி கூரியது. ஆயினும் அது ஒரே இலைத்தகடு. கத்தரிக்கோலால் நறுக்கிவிட்ட காகிதத்தைப் போல, மடல்கள் நடுநரம்பை ஒட்டி ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்புறம் வெண்பட்டு மயிர் படர்ந்து வெளுத்துத் தோன்றும். சீகையில் அவ்வாறில்லை. அதன் முதல் இலையில் நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் தனித்தனியாக, சோடி சோடியாக, புளியிலையைப் போல அமைந்திருக்கும். இரண்டு சிற்றிலைகளுக்கு இடையே காம்பு வெறுமையாய்த் தெரியும். அடுத்து வரும் இலையோ நடுக்காம்பிலிருந்து பக்கக் காம்புகள் பிரிந்து, அந்தப் பக்கக் காம்புகளில் சிற்றிலைகள் தாங்கி நிற்கும். முதல் இலையில் ஒரு முறை பிரிவு, அடுத்த இலையில் இரு முறை பிரிவு. இந்த வரிசை சீகை இனத்தின் அடையாளம்.

ஆகவே நாற்றை நுனியிலிருந்து அன்று, அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். தறியில் முதற் சாண் நெய்தபோதே கரை எப்படி வரும் என்று கூறிவிடும் நம் நெசவாளர் அன்பர்களுக்கு இம்முறை புதிதன்று. மேலிருந்து எடுத்த படத்தில் நுனி இலைகள் அடியிலைகளை மறைத்துவிடும். நாம் பக்கவாட்டுப் படம் ஒன்று கேட்டுப் பெற்றோம். தட்டின் விளிம்பு மட்டத்தில் கைப்பேசியை வைத்து, நிழலில், விளக்கொளி பாய்ச்சாமல் எடுத்த படம் அது. அதில் மெலிந்த நாற்றுகளின் அடியில் புளியிலை போன்ற ஒற்றை இலையும், அதன்மேல் இருமுறை பிரிந்த இலையும் தெளிவாகத் தெரிந்தன. அவை நோயுற்றவை அல்ல. நல்ல நலத்துடன் வளரும் சீகை நாற்றுகள்.

எந்தச் சீகை? வெள்ளிச் சீகையா, கருஞ்சீகையா, அல்லது பிளாக்வுட்டா? இந்தப் பருவத்தில் படத்தைக் கொண்டு அதைக் கூற இயலாது. கூறுபவர் ஊகிக்கிறார் என்றே கொள்ளவேண்டும். மூன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நெருங்கிய உறவினர்கள். மூன்றும் ஒரே முறையில்தான் தொடங்குகின்றன. நம் நாட்டு வாகை இனங்களும் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குவதால், முதல் இரண்டு இலை குடும்பத்தைக் காட்டுமேயன்றி ஊரையும் பேரையும் காட்டாது. பிளாக்வுட் மட்டும் சிலகாலம் கழித்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அதில் பிரிந்த இலைகளின் காம்பு மெல்ல மெல்ல அகன்று தட்டையாகி, ஈற்றில் சிற்றிலைகள் மறைந்து, காம்பே நீண்ட இலையின் வடிவில் நின்று வேலை செய்யும். மாறும் பருவத்தில் ஒரே நாற்றில் இரண்டு வகை இலையும் இருக்கும். ஒரு குழியில் இரண்டு செடி முளைத்துவிட்டது என்று எண்ணி ஒன்றைக் கிள்ள முயல்பவர்கள், தண்டு ஒன்றா இரண்டா என்று முதலில் பார்க்கட்டும்.

இனி உறுப்பினரின் இரண்டாவது ஐயம். விதை விற்றவர் கலப்படம் செய்தாரா? படமே இதற்குப் பாதி விடை சொல்லிற்று. விதையைக் கையால் ஊன்றினால் நாற்று குழியின் நடுவிலே எழும். இந்தச் சீகை நாற்றுகளோ சில குழியின் ஓரத்தை ஒட்டியும், சில சில்வர் ஓக் நாற்றுக்கு அருகே இரண்டாவதாகவும் நின்றன. மேலும், சில்வர் ஓக் விதை மெல்லிய சிறகுடைய பழுப்பு விதை. சீகை விதை கறுத்து மினுமினுக்கும் கடினமான சிறு மணி. இவ்விரண்டும் ஒரு பொட்டலத்தில் கலந்திருந்தால் விதைத்தவர் கண்ணுக்குத் தப்பியிருக்க வழியில்லை. ஒரு மெலிந்த நாற்றை மண்ணோடு மெதுவாக எடுத்து நீரில் அலசுமாறு கூறினோம். வேரருகே கறுத்த விதையுறையின் ஓடு கிடைத்தது.

அப்படியானால் விதை வந்தது மண்ணிலிருந்துதான். குழித்தட்டை நிரப்ப எடுத்த மேல்மண் பழைய சீகைக் காட்டின் ஓரத்து மண் என்பதை உறுப்பினரே பின்னர் தெரிவித்தார். சீகை விதையின் ஓடு நீரை உட்புகவிடாது. அதனால் அது மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கிக் கிடக்கும். வெப்பம் பட்டால் ஓடு நெகிழ்ந்து முளைக்கும். நாற்று வளர்ப்போர் சீகை விதையைக் கொதிநீரில் இட்டு ஊறவைப்பது இதற்காகவே. சருகு எரித்த இடத்து மண் வளமுள்ளது என்று அள்ளிவருபவர், உறங்கிய விதைகளை எழுப்பியே கொண்டுவருகிறார்.

வேறு மண் எடுக்கும்போது சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு தட்டில் விதை ஏதும் இடாமல் அம்மண்ணை மட்டும் நிரப்புக. பாதித் தட்டில் கொதிநீரை ஊற்றி ஆறவிடுக. மறுபாதியை அவ்வாறே விடுக. ஐந்தாறு வாரம் ஈரங்காத்து வந்தால், கொதிநீர் பட்ட பாதியில் சீகை எழுகிறதா என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு எழுந்தாலும் அந்த மண் நாற்றங்காலுக்கு ஆகாது.

எல்லா நாற்றுக்கும் வித்திலை வெளியே தெரியும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. தேயிலை விதையின் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மேலே வருவது தண்டும் சொந்த இலையுமே. தேயிலை நாற்றின் படத்தில் வித்திலையைத் தேடுபவர் வீணே கண்ணை வருத்திக்கொள்கிறார். கற்பூர மரமோ அதற்கு மாறானது. அதன் மிகச் சிறிய வித்திலை நுனியில் பிளவுபட்டு இரு மடலாக இருக்கும். பின்வரும் நீலச் சாம்பல் நிற இலைகள் எதிரெதிராகக் காம்பின்றிச் சதுரத் தண்டைப் பற்றியிருக்கும். இதனைச் சில்வர் ஓக்கோடு குழப்புவோர் அரியர்.

கோத்தகிரித் தட்டிலிருந்த சீகை நாற்றுகளை, மண் நனைந்திருந்தபோது வேரோடு பிடுங்கி வெயிலில் உலர்த்திவிடுமாறு கூறினோம். அந்தப் பருவத்தில் அவை இரண்டு விரலுக்கு எளிதில் வந்துவிடும். எஞ்சிய சில்வர் ஓக் நாற்றுகளைப் பைக்கு மாற்றும்போது பழைய மண்ணும் உடன் போகுமாதலால், நட்ட பின்னும் முதல் ஆண்டு முழுவதும் மரத்தடியைப் பார்த்துவர வேண்டும். புளியிலை போன்ற ஒற்றை இலை ஒன்று தரையில் தென்பட்டால் அன்றே அதைப் பிடுங்குக.