அரிக்கமேட்டு ஓடும் ஆறு வரிகளும்

புதுச்சேரியில் தொல்லியல் பற்றி யார் உரையாற்றினாலும் அரிக்கமேடு வராமல் போகாது. அதற்கென அணியமாகும் படவில்லையும் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். மேலே ‘அரிக்கமேடு: கால வரையறை’ என்று தலைப்பு. கீழே ஆறு புள்ளிவரிகள். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த இடம். 1945இல் மார்ட்டிமர் வீலரின் அகழாய்வு. இத்தாலிய அரெட்டைன் மட்கல ஓடுகள். ரௌலட்டட் வகை ஓடுகள். 1947 முதல் 1950 வரை கசாலின் அகழாய்வு. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் அகழாய்வு. உரையாளர் திரையின் பக்கம் பாதி திரும்பி முதல் வரியைப் படிப்பார். இரண்டொரு சொல் சேர்ப்பார். பிறகு இரண்டாம் வரிக்கு வருவார்.

ஆறு வரிகளும் உண்மை. இருந்தும் அரங்கைவிட்டு வெளியேறும் ஒருவரிடம் “அரிக்கமேட்டின் காலத்தை எப்படிக் கண்டார்கள்?” என்று கேட்டால் விடை வராது. ஆண்டுகள் மூன்றில் ஒன்று நினைவிருக்கலாம். காரணம் நினைவில் இராது. ஏன் இப்படி என்பதற்கு உளவியலில் தெளிவான விளக்கம் உண்டு.

நாம் ஒரு சொல்லைக் கண்ணால் படிக்கும்போது மனத்துக்குள் அதை ஒலியாக மாற்றிக்கொள்கிறோம். காதால் கேட்ட சொல்லும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974இல் முன்வைத்த செயல்நினைவுக் கோட்பாட்டின் ஒரு பகுதி இது. அந்த ஒலித்தடம் சிறியது. ஏறத்தாழ இரண்டு நொடிப் பேச்சை மட்டுமே அது தாங்கும். படித்த சொல்லும் கேட்ட சொல்லும் ஒரே வேளையில் அங்கே நுழைந்தால் ஒன்றையொன்று கலைக்கும். 1976இல் கோல், வெல்ஷ் என்னும் இருவர் செய்த சோதனை இதை நன்கு காட்டுகிறது. திரையில் கண்ட எழுத்துகளை நினைவில் வைக்க முயன்றவர்களின் காதில் செருமானிய மொழிப் பேச்சை ஓடவிட்டார்கள். அவர்களுக்கு அம்மொழி தெரியாது. அப்படியும் நினைவு குறைந்தது. பேச்சு என்று ஒன்று காதில் விழுந்தால் போதும், அது உள்ளே போய்விடுகிறது. கண்ணை மூடிக்கொள்ளலாம், செவிக்கு இமை இல்லை.

“நான் திரையில் உள்ளதையேதானே படிக்கிறேன், இரண்டும் ஒன்றுதானே” என்று உரையாளர் கேட்கலாம். சொல் ஒன்றுதான், வேகம் வேறு. ஆங்கிலத்தில் ஒருவர் மனத்துக்குள் படிக்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 சொல்; பேசும் வேகம் 150 சொல். தமிழ்ச் சொற்கள் ஒட்டி நீள்பவை ஆதலால் எண்ணிக்கை குறையும், ஆனாலும் பேச்சைவிடப் படிப்பு முந்தும் என்பது மாறாது. உரையாளர் நான்காம் வரியை முடிக்கும்போது கேட்பவரின் கண் ஆறாம் வரியை முடித்திருக்கும். காதில் ரௌலட்டட், கண்ணில் பெக்லி. அதற்குப்பின் உரையாளர் சொல்வதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த செய்தி. கைப்பேசி வெளியே வருவது அப்போதுதான்.

ரிச்சர்டு மேயரும் உடனாய்வாளர்களும் 2001இல் மின்னல் உருவாகும் விதத்தை அசைபடத்தாலும் பேச்சாலும் விளக்கினார்கள். ஒரு குழுவுக்கு அதே பேச்சைத் திரையின் அடியில் எழுத்தாகவும் காட்டினார்கள். எழுத்தும் சேர்ந்து கிடைத்த குழுதான் பின்னடைந்தது. கண் எழுத்துக்கும் படத்துக்கும் இடையே அலைந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் இதைக் கேட்டு எழுத்தையே திரையிலிருந்து துரத்திவிட வேண்டாம். 2008இல் மேயரும் ஜான்சனும் படத்தின் உரிய இடத்துக்கு அருகிலேயே இரண்டு மூன்று சொல் அளவில் குறுஞ்சொற்களை வைத்துப் பார்த்தபோது நினைவு கூடியது. எத்தனை சொல், எங்கே, எப்போது என்பதுதான் கேள்வி.

இனி அரிக்கமேட்டுக்கு வருவோம். ஆறு வரிகளை வெட்டி மூன்றாக்குவது என் வழியன்று. படவில்லையை மூடிவைத்துவிட்டு, இந்தப் பகுதியில் கேட்பவர் கொண்டுபோக வேண்டிய கருத்து எது என்று ஒரே வாக்கியமாக முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். இங்கே அது இப்படி அமையும்: ‘வயது தெரியாத மண்ணடுக்குக்கு, வயது தெரிந்த அயல்நாட்டு ஓடு ஒன்று வயது கொடுத்தது.’ ஆறு வரிகளுள் எதிலும் இந்த வாக்கியம் இல்லை. அதற்கான மூலப்பொருள் மட்டுமே அவற்றில் சிதறிக் கிடந்தது.

அடுத்து உரைப்படி. அதை வாயால் சொல்லிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுத்துநடையில் எழுதிய உரைப்படி மேடையில் அறிக்கையாக ஒலிக்கும். திரைமாற்றம் எங்கே நிகழ வேண்டும் என்பதையும் அதற்குள்ளேயே குறித்துவிட வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“இந்த மண்ணடுக்குக்கு என்ன வயது? மண்ணைக் கேட்டால் சொல்லாது. ஆனால் வயது தெரிந்த ஒரு பொருள் அதற்குள் கிடந்தால்? (அழுத்துக: ஓட்டின் படம். மூன்று நொடி பேசாதிருக்க.) நடுவில் உள்ள முத்திரையைப் பாருங்கள். இதைச் செய்த பட்டறையின் அடையாளம் அது. இந்தச் சிவப்புக் கலங்கள் இத்தாலியில், அரெசோ நகரை ஒட்டிச் செய்யப்பட்டவை. எப்போது செய்யத் தொடங்கினார்கள், எப்போது விட்டார்கள் என்பதை ஐரோப்பாவில் முன்பே கணித்திருந்தார்கள். (அழுத்துக: மண்ணடுக்கின் வெட்டுப்படம். இரண்டு நொடி.) ஓடு கிடந்தது இந்த நடு அடுக்கில். அப்படியானால் இந்த அடுக்கு, ஓடு செய்யப்பட்ட காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. 1945இல் வீலர் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.”

ஓட்டின் படத்தில் ‘அரெட்டைன், இத்தாலி’ என்ற இரண்டு சொல் இருக்கும். வெட்டுப்படத்தில் நடு அடுக்கை மட்டும் நிறத்தால் தூக்கிக் காட்டி, ‘கி.பி. முதல் நூற்றாண்டு’ என்று அருகில் எழுதலாம். வேறெதுவும் வேண்டாம். உரைப்படியில் உள்ள வாக்கியம் எதுவும் திரையில் இல்லை; திரையில் உள்ளதைச் சுட்டாத வாக்கியமும் உரைப்படியில் மிகக் குறைவு. இரண்டும் ஒத்துப்போவது என்பது இதுதான்.

கேள்வி முதலில், படம் பிறகு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. திரை மாறிய கணத்தில் எல்லாக் கண்களும் அங்கே ஓடும். அந்த இரண்டு மூன்று நொடியில் சொல்வது பாதி வீணாகும். படத்தை முதலில் போட்டுவிட்டு, முந்தைய கருத்தை முடித்துக்கொண்டே போவது உரையாளர்கள் அடிக்கடி செய்யும் பிழை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் படத்தைக் காட்டினால், கண் எதைத் தேட வேண்டும் என்று அறிந்தே திரைக்குப் போகும். அமைதியைக் குறிப்பில் எழுதிவைக்காவிட்டால் மேடையில் அது நிகழாது. மூன்று நொடி அங்கே மூன்று நிமிடம் போல் தோன்றும்.

மீந்த வரிகள் என்ன ஆயின? ஆற்றங்கரை, உரையின் தொடக்கத்தில் ஒரு நிலப்படமாகிவிடும். கசாலின் பணியை ஒரு வாக்கியத்தில் வாயால் சொல்லலாம். பெக்லியின் அகழாய்வு தனிப் படவில்லைக்கு உரியது. ஏனெனில் அங்கே கதை திரும்புகிறது. அந்த ஓடு அது கிடந்த அடுக்குக்குத்தான் வயது கொடுத்தது, ஊருக்கு அன்று. வீலர் கருதியதைவிட முன்பே, கிறித்து பிறப்பதற்கு முன்பே, அங்கே வாழ்வும் வணிகமும் தொடங்கிவிட்டதாகப் பெக்லியின் ஆய்வு காட்டியது. அதே வெட்டுப்படத்தை மறுபடி காட்டி, இம்முறை கீழடுக்கை நிறப்படுத்தினால் போதும். புள்ளிவரியாக இருந்தபோது பெக்லி ஓர் ஆண்டெண். இப்போது அவர் ஒரு மறுப்பு.

புதுச்சேரி அரங்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. திரை ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் இருக்கும். பேச்சு தமிழில் நடக்கும். அயல்மொழி வரியைப் படித்து, தமிழாக்கி, காதில் விழும் தமிழோடு அதைப் பொருத்தும் வேலை கேட்பவர் தலையில் விழுகிறது. ஆங்கிலப் புள்ளிவரியை உரையாளரே மேடையில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கினால் நிலை இன்னும் மோசம். அவரும் வரிக்கு அடிமையாகிவிடுவார். படம் எம்மொழிக்கும் பொது என்பதால், மேலே சொன்ன முறை இங்கே இரட்டிப்பாகப் பயன்படும்.

ஆனால் இதே ஊரில் ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். மாகேயிலிருந்து வந்த மலையாளியோ, ஏனாமிலிருந்து வந்த தெலுங்கரோ, பிரான்சிலிருந்து வந்த ஆய்வாளரோ அவையில் இருக்கலாம். பேச்சுமொழியில் தேர்ச்சி குறைந்தவர்களுக்கு எழுத்து ஊன்றுகோல். அரெட்டைன் போன்ற பெயரைத் தமிழரின் காதும் முதல் தடவையில் பிடிக்காது. ஆகவே பெயர், ஆண்டு, கலைச்சொல் ஆகியவை திரையில் இருக்கட்டும். வாக்கியம் மட்டும் வேண்டாம்.

முழு வாக்கியத்தையே காட்ட வேண்டிய இடமும் வரும். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்குக் கையளித்த 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறவர் அதன் ஒரு பிரிவைக் காட்டாமல் வாதிட முடியாது. அங்கே செய்ய வேண்டியது, காட்டிவிட்டு வாய்மூடி நிற்பது. அவை படித்து முடிக்கட்டும், பிறகு பேச்சு. எழுத்தும் பேச்சும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது மோதல் இல்லை என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பேசி முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரையில் நிற்க வேண்டியதும் இல்லை. பவர்பாயிண்டில் B விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். கண்கள் உரையாளரிடம் திரும்பும்.

உரைப்படி எழுதியபின் எனக்குப் பழக்கமான சோதனை ஒன்று. திரையை அணைத்துவிட்டு ஒருவரிடம் உரையைச் சொல்லிப் பார்ப்பது. எல்லாம் விளங்கிவிட்டால் அந்தப் படவில்லைக்கு அங்கே வேலை இல்லை. பிறகு பேச்சில்லாமல் படவில்லையை மட்டும் இன்னொருவரிடம் காட்டுவது. அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டால் அது கையேடு, படவில்லை அன்று. ஓட்டின் படத்தைப் பார்த்தவர் “இது என்ன, எதற்கு?” என்று கேட்டால் படவில்லை சரியாக இருக்கிறது.

புள்ளிவரியிலிருந்து தப்பியவர்கள் விழும் அடுத்த குழி, கையிலுள்ள உரைப்படியைப் படிப்பது. திரையைப் படித்தவர் இப்போது தாளைப் படிக்கிறார். அவை இரண்டையும் ஒரே முகச்சுளிப்போடுதான் பார்க்கும். எனவே ஒத்திகை முடிந்தபின் உரைப்படியைச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு படவில்லைக்கும் தொடக்க வாக்கியமும் அடுத்ததற்குத் தாவும் வாக்கியமும் முழுமையாக இருக்கட்டும். நடுவே இரண்டு மூன்று சொல் போதும். தடுமாற்றம் பெரும்பாலும் படம் மாறும் இடத்தில்தான் வருகிறது. இந்தச் சுருக்கம் பவர்பாயிண்டின் குறிப்புப் பகுதியில் இருந்தால் உரையாளரின் கணினியில் மட்டும் தெரியும், அவைக்குத் தெரியாது. ஆனால் சில அரங்குகளில் கணினித் திரையில் உள்ளது அப்படியே பெருந்திரையிலும் விழும். அப்போது குறிப்பைப் பார்க்க வழியிராது. முன்கூட்டியே போய்க் கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு தாள்படியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆறு புள்ளிவரிகளையும் அழிக்க வேண்டியதில்லை. உரை முடிந்தபின் வாயிலில் வழங்கும் கைத்தாளில் அவற்றை அப்படியே அச்சிடலாம்.