வளைந்தால் தாங்கும் பட்டை

30 செ.மீ. நீளமுள்ள மெல்லிய மூங்கில் பட்டை ஒன்று, இரண்டு செங்கல்கள், சில்லறை நிரம்பிய சுருக்குப் பை. பாலம் தயார்!

செங்கல்களை 27 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, மேலே பட்டையை வைத்து, நடுவில் பையை ஏற்றினால் பட்டை தொய்யும். அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. பாரம் மிஞ்சினால் நார் பிரிவதும் அங்கேதான்.

அதே பட்டையை வெந்நீரில் ஊறவைத்து, செங்கல்களுக்கு இடையே தரையில் வில்லாக வளைத்துச் செருகுங்கள். பையை உச்சியில் நூலால் கட்டினால், முன்புபோல் தொய்வதில்லை. பாரத்தின் பெரும்பகுதி வளைவு வழியாக இரு கால்களுக்கும் அழுத்தமாக இறங்கிவிடுகிறது.

ஆனால் கால்கள் சும்மா நிற்பதில்லை, வெளிப்பக்கமாகத் தள்ளும். செங்கல்லுக்குப் பதில் தீப்பெட்டியை வைத்துப் பாருங்கள்: பெட்டி நகரும், வளைவு தட்டையாகும், பை தரையில்! நிஜ வளைவுப் பாலங்களின் இரு கரைகளிலும் கனமான தாங்குசுவரோ பாறையோ இருப்பது இதனால்தான்.