உங்களுக்குத் தெரியுமா? பிஓடி சோதனைக்கு ‘விதை’ வேண்டும்!

நுண்ணுயிர்கள் நீரிலுள்ள அழுக்கைத் தின்னும்போது செலவாகும் ஆக்சிஜனே பிஓடி. குளோரின் கலந்த கழிவுநீரில் அவை செத்திருக்கும். அப்படியே சோதித்தால் அழுக்கு நீரும் சுத்தமாகத் தெரியும். எனவே குளோரினை நீக்கிவிட்டு, தெளியவைத்த வீட்டுச் சாக்கடைநீரைச் சிறிதளவு ‘விதை’யாகச் சேர்க்கிறார்கள்.

300 மி.லி. பாட்டிலில் கழிவுநீர் 6 மி.லி.; மீதியெல்லாம் தாது உப்புகள் சேர்த்துக் காற்றூட்டிய நீர். ஆக, 50 மடங்கு நீர்த்தல். 20 டிகிரி செல்சியஸில், இருட்டில் 5 நாள் வைத்தபின் ஆக்சிஜன் லிட்டருக்கு 8.6 மி.கிராமிலிருந்து 4.2 ஆகியிருந்தால், குறைந்தது 4.4. அதில் விதை மட்டும் செலவழித்தது 0.6 என்றால், மீதி 3.8. அதை 50ஆல் பெருக்க, பிஓடி 190.

கடைசியில் ஆக்சிஜன் 1 மி.கிராமுக்குக் கீழே போனாலோ, மொத்தக் குறைவு 2ஐ எட்டாவிட்டாலோ அந்தப் பாட்டிலின் கணக்கு செல்லாது.